ஒரே படத்தில் முகமாற்று: பூச்சு பூசிய படம் பதிவேற்றிய பிறகும் நிற்குமா?

தும்பி

எங்கள் ஓட்டக் குழுவில் முப்பது பேர். குழுவின் பக்கத்தில் எல்லோருடைய முகப்படமும் இருக்கிறது. போன மாதம் அதிலிருந்து ஒருத்தியின் படத்தை யாரோ எடுத்து, முகத்தை வேறொரு உடம்பில் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். அவள் படத்தை எடுத்துவிட்டோம். மற்றவர்கள், "ஏதாவது பாதுகாப்பு செய்துவிட்டுப் போடு, இல்லாவிட்டால் எங்களுடையதையும் எடுத்துவிடு" என்கிறார்கள்.

தேடியதில், முகமாற்று நிரலைக் குழப்பப் படத்தின் மேல் பூச்சு மாதிரி ஒன்றைப் பூசும் இலவசக் கருவி கிடைத்தது. படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் 255 படிகளில் அதிகபட்சம் 8 படி ஏற்றியோ இறக்கியோ வைக்கும். கண்ணுக்கு அநேகமாகத் தெரியவில்லை. என் படத்திலேயே சோதித்துப் பார்த்தேன். ஒரே படம் கொடுத்தால் போதும் என்கிற வகை முகமாற்று நிரலில் பூசாத படத்தைக் கொடுத்தால் அச்சு அசல் நான். பூசிய படத்தைக் கொடுத்தால் வந்தவள் என் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தாள், நான் இல்லை. சந்தோஷமாகிவிட்டது.

அப்புறம் அதே பூசிய படத்தைக் குழுப் பக்கத்தில் ஏற்றி, அங்கிருந்து இறக்கி, மறுபடி சோதித்தேன். திரும்பவும் நான்தான் வந்தேன். ஏற்றும்போது பூச்சு கழன்றுவிடுமா? அல்லது நான் ஏதாவது தப்பு செய்தேனா?

வெட்டிவேலை

இதெல்லாம் சும்மா. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போய்விடும். முகமாற்று மாடலுக்கே விஷம் வைக்கும் கருவிகள் இருக்கின்றனவே, அதைப் போடுங்கள். உங்கள் படத்தைத் தொட்டால் மாடலே கெட்டுப்போகும்.

கரிக்கோல்

வெட்டிவேலை சொன்னதில் பாதி சரி. ஸ்கிரீன்ஷாட் என்பதால் எதுவும் போகாது. படம் திரையில் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்று தெரிந்து, அதைப் பிஎன்ஜியாக எடுத்தால் பூச்சு அப்படியே வந்துவிடும். பெரும்பாலும் திரையில் படம் சுருங்கித் தெரிகிறது, வேலையைக் கெடுப்பது அந்தச் சுருக்கம்தான்.

விஷம் வைப்பது வேறு கதை. அது யாரோ உங்கள் படங்களை அள்ளிக்கொண்டுபோய் மாடலுக்குப் பயிற்சி கொடுத்தால்தான் வேலை செய்யும். தும்பி சொல்வது ஏற்கெனவே பயிற்சி முடிந்த நிரல். உங்கள் படத்திலிருந்து அது எதையும் கற்றுக்கொள்வதில்லை, ஒருமுறை படிக்கிறது, அவ்வளவுதான். கெட்டுப்போக அங்கே ஒன்றும் இல்லை.

தும்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். நீங்கள் பூசிய படம் எத்தனை பிக்சல் அகலம், அதில் உங்கள் இரண்டு கண்களுக்கும் நடுவே எத்தனை பிக்சல்? பக்கத்திலிருந்து இறக்கியபோது அகலம் எவ்வளவு?

எட்டாம்கட்டம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்படிப் பூசிவிட்டால், பின்னால் யாராவது போலிப் படம் செய்தால் அது போலி என்று இந்தப் பூச்சு காட்டிக்கொடுக்குமா? நீரடையாளம் மாதிரி?

கரிக்கோல்

காட்டிக்கொடுக்காது. முகமாற்றுப் படத்துக்கு உங்கள் படத்தின் பிக்சல்கள் போவதே இல்லை. எப்படி என்று கீழே எழுதுகிறேன், தும்பி பதில் சொல்லட்டும்.

தும்பி

பூசியது 3000 பிக்சல் அகலம். கண்ணின் நடுவிலிருந்து கண்ணின் நடுவுக்கு அளந்தேன், கிட்டத்தட்ட 280. இறக்கியது 1500 அகலம், ஜேபெக்.

கரிக்கோல்

சரி, கணக்குக்கு வசதியான எண்கள்.

இந்த வகை நிரல் முதலில் முகத்தைக் கண்டுபிடிக்கும். இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம் என்று ஐந்து புள்ளிகளைக் குறிக்கும். அந்தப் புள்ளிகள் எப்போதும் ஒரே இடத்தில் வரும்படி முகத்தைத் திருப்பி, சுருக்கி, 112க்கு 112 பிக்சல் உள்ள ஒரு சின்னச் சதுரமாக வெட்டும். அந்தச் சதுரத்தை, முகத்தை அடையாளம் காணும் ஆர்க்ஃபேஸ் வகை வலையமைப்பு ஒன்று படித்து, அது யாருடைய முகம் என்பதைக் குறிக்கும் 512 எண்களைத் தரும். உங்கள் படத்திலிருந்து வரைகிற பகுதிக்குப் போவது அந்த 512 எண்கள் மட்டும். உங்கள் தோல், உங்கள் மச்சம், உங்கள் படத்தின் ஒரு பிக்சல்கூட அங்கே போகாது. ஆகவே பூச்சின் வேலை ஒன்றே ஒன்று, அந்த 512 எண்களைத் தள்ளிவிடுவது. எந்தப் பிக்சலை எந்தப் பக்கம் நகர்த்தினால் எண்கள் அதிகம் நகரும் என்று வலையமைப்பை வைத்தே கணக்கிட்டுத் தள்ளுகிறார்கள். உங்களுக்குத் தூரத்துச் சொந்தக்காரி வந்தது அதனால்தான். பூச்சு வேலை செய்தால் படம் கிழிந்து போகாது, கோணலாகாது. நல்ல சுத்தமான முகம்தான் வரும், ஆனால் வேறு ஆளாக.

இப்போது உங்கள் 280க்கு வருவோம். அந்த 112 சதுரத்தில் கண்களுக்கு நடுவே ஏறக்குறைய 35 பிக்சல். 280ஐ 35ஆல் வகுத்தால் 8. உங்கள் முகத்தின் எட்டுக்கு எட்டு, அதாவது 64 பிக்சல், சதுரத்தில் ஒரு பிக்சலாகிறது. அந்த 64ஐயும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள் என்று தோன்றும். பல நிரல்களில் அப்படி இல்லை. வெட்டும் கட்டளை ஒரு இடத்தைச் சுற்றியுள்ள 4 பிக்சலை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவிவிடும். மீதி 60ஐ யாருமே படிப்பதில்லை.

உங்கள் கருவி முழு அளவுப் படத்தின் மேலேயே கணக்குப் போடும் வகை என்று நினைக்கிறேன். அப்படியானால் அதன் உழைப்பு முழுக்க அந்த நான்கு நான்கு பிக்சல்களில் இருக்கிறது. வீட்டில் சோதித்தபோது அதே படம், அதே ஐந்து புள்ளிகள், அதே நான்கு பிக்சல்கள். அருமையாகப் பலித்தது. பக்கத்தில் ஏற்றியதும் படம் பாதியாகிவிட்டது. பூசிய பிக்சல் பூசாத அண்டைப் பிக்சல்களோடு கலந்துவிட்டது, வெட்டும்போது படிக்கிற இடமும் நகர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மிக நுணுக்கமான ஏற்ற இறக்கத்தை முதலில் தூக்கிப் போடும். பூச்சு என்பதே அந்த நுணுக்கமான ஏற்ற இறக்கம்தானே. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.

பட்டறை

நான் படம் எடுக்கிறவன். சுருக்கினாலும் நிற்கும் என்று சொல்லும் கருவி ஒன்றைப் போன வருடம் வாடிக்கையாளர் கேட்டு முயன்றேன். நின்றதோ என்னவோ தெரியாது, கன்னமெல்லாம் தேமல் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நெற்றியில் மழைத்தண்ணீர் வழிந்த சுவர் போல ஒரு கறை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கரிக்கோல்

பட்டறை சொல்வது சரியான இடம். சுருக்கினாலும் நிற்க வேண்டுமென்றால் 112 சதுரத்திலேயே பூச்சைக் கணக்கிட்டு, அதைப் பெரிதாக்கி முகத்தின் மேல் ஒட்டலாம். அல்லது படத்தைப் பல அளவில் சுருக்கி, பல தரத்தில் ஜேபெக் செய்து, அத்தனையிலும் சராசரியாகப் பலிக்கிற பூச்சைத் தேடலாம். இரண்டு வழியிலும் பொடிப்பொடியாக இருந்த இரைச்சல் அகலமான திட்டுகளாக மாறும். பொடியைக் கண் மன்னித்துவிடும், திட்டை மன்னிக்காது. வழுவழுப்பான கன்னத்தில் அதை மறைக்க இடமே கிடையாது. தாடி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் வசதி!

தும்பி, முகமாற்றுப் படத்தை வைத்துக் கண்ணால் தீர்ப்பு சொல்லாதீர்கள், நம் கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும். எண்ணாக அளந்து பாருங்கள். பூசாத அசலோடு ஒப்பிட, பக்கத்திலிருந்து இறக்கிய படத்தையே கொடுக்க வேண்டும்:

```python
import cv2
from insightface.app import FaceAnalysis

app = FaceAnalysis(name="buffalo_l")
app.prepare(ctx_id=-1, det_size=(640, 640))

def mugam(p):
    return app.get(cv2.imread(p))[0].normed_embedding

print(mugam("asal.png") @ mugam("irakkiyathu.jpg"))
```

ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் அதே முகம், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் வேறு ஆள். ஒன்று கவனியுங்கள். உங்களுடைய இரண்டு வேறு வேறு சாதாரணப் படங்களை ஒப்பிட்டாலே ஒன்று வராது, வெளிச்சமும் கோணமும் மாறினால் 0.6, 0.7 என்று நிற்கும். முதலில் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூசிய படம் அதை விடத் தெளிவாகக் கீழே போகவில்லை என்றால், நீங்கள் கொடுத்தது இன்னொரு சாதாரணப் படம்தான்.

தும்பி

நிறுவ அரை நாள் ஆனது, ஆனால் ஓடியது. பூசாத இரண்டு படங்கள்: 0.68. பூசியது, ஏற்றும் முன்: 0.09. பக்கத்திலிருந்து இறக்கியது: 0.61.

அந்த 0.09ஐப் பார்த்தபோது கருவியின் மேல் எவ்வளவு மரியாதை வந்ததோ, அது அடுத்த வரியிலேயே போய்விட்டது.

மழைக்காகிதம்

என் கேள்வி இதற்குப் பொருந்துமா தெரியவில்லை. என் தங்கைக்கும் இதே மாதிரி நடந்தது. அவளுடைய படங்கள் பத்து வருடமாகப் பல இடத்தில் கிடக்கின்றன, கல்யாண வீடியோ வேறு முழுதாக இருக்கிறது. இனிமேல் போடுவதைப் பூசிப் போட்டால் பழையவற்றின் பலன் குறையுமா? அதுதான் இப்போது அவள் கேட்பது.

கரிக்கோல்

குறையாது. ஒரே படம் போதும் என்கிற நிரலுக்குப் பூசாத ஒரே படம் எங்காவது கிடைத்தால் போதும். கல்யாண வீடியோவில் நொடிக்கு இருபத்தைந்து படம் இருக்கிறது, அத்தனையும் பூசாதவை. உங்கள் தங்கைக்கு இந்தப் பூச்சு இப்போது உதவாது என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

செய்த படம் அந்தரங்கமானது என்றால் ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது, 18 வயது முடிந்தவர்களுக்கு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனிலோ கணினியிலோ வைத்தே அதிலிருந்து ஒரு அடையாளக் குறியீடு எடுக்கப்பட்டு, அது மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியீட்டோடு பொருந்தும் படத்தைத் தடுக்கும். சேராத தளங்களில் ஒன்றும் நடக்காது. வயது குறைந்தவர் என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை. படத்தின் சுட்டியையும் தேதியையும் முதலில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காகிதம்

நன்றி. பதிந்து வைத்திருக்கிறோம். இன்று இரவே அவளோடு உட்கார்ந்து செய்கிறேன்.

வெட்டிவேலை

எளிய வழி இருக்கிறதே. படத்தைச் சின்னதாகப் போடுங்கள். முகம் நூறு பிக்சலுக்குள் இருந்தால் யாருக்கும் பயன்படாது.

கரிக்கோல்

மேலே 112 என்று எழுதியதை மறுபடி பாருங்கள். எவ்வளவு பெரிய படம் கொடுத்தாலும் அது அந்த அளவுக்குத்தான் வெட்டிக்கொள்கிறது. கண்களுக்கு நடுவே 35 பிக்சல் இருந்தாலே அதற்கு முழுச்சாப்பாடு. அதற்கும் கீழே போனால் எண்கள் மெல்ல மங்கத் தொடங்கும், ஆனால் அவை பயன்படாத அளவுக்கு மங்கும்போது உங்கள் குழுவில் யார் யார் என்று பார்க்கிறவருக்கும் சரியாகத் தெரியாது.

அளவு விஷயத்தில் வேறொன்று செய்யலாம். பக்கம் 1500ஆகச் சுருக்குகிறது என்று தெரிந்துவிட்டது. நீங்களே முதலில் 1500ஆகச் சுருக்கிவிட்டு, அதற்குப் பிறகு பூசுங்கள். பக்கம் சுருக்க ஒன்றும் இருக்காது, ஜேபெக் மட்டும் மிஞ்சும். கண் இடைவெளி 140 ஆகும், வெட்டும்போது எட்டில் ஒன்றுக்குப் பதில் நான்கில் ஒன்று. இன்னும் சுருக்கி 70க்குக் கொண்டுவந்தால் படத்தின் பெரும்பகுதிப் பிக்சல்கள் படிக்கப்படும், பூச்சுக்கு அது நல்லது.

பட்டறை

அப்படியென்றால் பூசுவது கடைசி வேலை. வெட்டுவது, நிறம் திருத்துவது, கூர்மையேற்றுவது எல்லாம் முடித்த பிறகு. நான் பூசிவிட்டு நிறம் திருத்தினேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. தேமலைப் பளிச்சென்று காட்டியதே நான்தான் போலிருக்கிறது.

தும்பி

செய்து பார்த்தேன். 1500ஆகச் சுருக்கிப் பூசி, ஏற்றி, இறக்கியது: 0.34. முகமாற்றும் பார்த்தேன், என் அக்கா என்று சொல்லலாம், நான் என்று சொல்ல முடியாது. இது போதுமா?

கரிக்கோல்

0.61க்கு 0.34 நல்ல இறக்கம். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் கருவி எந்த வலையமைப்பை ஏமாற்றக் கணக்கிட்டது? நான் கொடுத்த அளவுகோலும் அதே குடும்பமாக இருந்தால், விடை எழுதியவரே அதைத் திருத்தி மதிப்பெண் போடுகிற கதை. வேறு யாரோ பயிற்சி கொடுத்த, வேறு கட்டமைப்புள்ள முக வலையமைப்பு ஒன்றிலும் அளந்து பாருங்கள். உங்கள் படத்தை எடுக்கிறவர் எந்த நிரல் வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

தும்பி

வேறொன்றில் அளந்தேன். அதில் பூசாத இரண்டு படங்கள் 0.66, பூசி இறக்கியது 0.57. அதாவது கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை.

எட்டாம்கட்டம்

ஃபாக்ஸ் என்ற கருவியைப் பற்றிப் பெருமையாகப் படித்திருக்கிறேன். எம்ஐடி செய்த போட்டோகார்டும் இருக்கிறது. அவையும் இப்படித்தானா?

கரிக்கோல்

இரண்டும் வேறு பூட்டுக்குச் செய்தவை. ஃபாக்ஸ் 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. யாராவது உங்கள் படங்களைத் திரட்டி முகம் அடையாளம் காணும் அமைப்பில் சேர்த்தால், அந்த அமைப்பு பின்னால் உங்களைத் தவறவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். போட்டோகார்ட் 2023. படத்தைக் கொடுத்து, "இந்த ஆளை வேறு இடத்தில் நிற்பதாக மாற்று" என்று எழுதினால் மாற்றித் தரும் மாடல்கள் இருக்கின்றனவே, அவை படத்தை உள்ளே வாங்கும் பகுதியைக் குழப்புவது அது. நம் 512 எண்களை அது குறிவைக்கவே இல்லை. உங்கள் படத்தை அப்படித் திருத்தினால் அது தடையாகலாம், தும்பியின் பிரச்சினையில் அதை நம்ப முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வலி இருக்கிறது. ஃப்ளோரியன் டிரமேர் உள்ளிட்ட சில ஆய்வாளர்கள் 2022இல் ஃபாக்ஸ் போன்றவற்றை வைத்து அதைக் காட்டினார்கள். நீங்கள் இன்று பூசி வெளியிட்ட படம் இன்றோடு உறைந்துவிடும். எடுத்து வைத்துக்கொள்கிறவர் அவசரப்படத் தேவையில்லை. அடுத்த வருடம் இந்தப் பூச்சைத் தெரிந்த ஒரு வலையமைப்பு வந்தால், பழைய படத்தை அதில் போட்டுக்கொள்வார். உங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு, அவருக்கு எத்தனை வேண்டுமானாலும்.

வெட்டிவேலை

நான் முதலிலேயே சும்மா என்று சொன்னேனே.

பட்டறை

நீங்கள் சொன்ன காரணம் ஸ்கிரீன்ஷாட், ஐயா.

எனக்கு இது முழுக்கச் சும்மா என்று படவில்லை. இந்த வேலையைச் செய்கிற ஆள் பெரும்பாலும் ஆய்வாளர் இல்லை. யாரோ கொடுத்த நிரலில் படத்தை இழுத்துப் போட்டுப் பொத்தானை அழுத்துகிறவன். வந்த முகம் ஒத்துப்போகாவிட்டால் சலித்துப்போய் விட்டுவிடலாம். பரவலாகப் புழங்கும் நிரல்கள் ஒரே முக வலையமைப்பைத்தான் வைத்திருக்கின்றன என்றால், அந்த 0.34க்கு மதிப்பு இருக்கிறது.

கரிக்கோல்

அந்த வாதத்தை நான் மறுக்க மாட்டேன். விட்டுவிட்டு அடுத்த ஆளின் படத்துக்குப் போவான் என்பதுதான் இடிக்கிறது. முப்பது பேரில் இருபத்தைந்து பேர் பூசினால் மீதி ஐந்து பேருக்கு என்ன ஆகும்? அப்புறம், இந்தப் படத்தில் வராவிட்டால் அதே ஆளின் வேறு படத்தைத் தேடுவான். தும்பி, உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேருடைய முகம் வேறெங்கும் பொதுவில் இல்லை?

தும்பி

கேட்டுப் பார்த்தேன். முப்பதில் நான்கு பேர். அந்த நான்கு பேரும் தங்கள் படமே வேண்டாம் என்றுவிட்டார்கள், பூசியும் வேண்டாமாம்.

மீதிப் பேருக்கு 1500ஆகச் சுருக்கிப் பூசிப் போடலாமா, அல்லது பக்கத்தையே உறுப்பினர் மட்டும் பார்க்கும்படி பூட்டிவிடலாமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. பூட்டினால் புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு நாங்கள் யாரென்று தெரியாது. இரண்டு வலையமைப்புக்கும் சேர்த்துக் கணக்கிட்டுப் பூசினால் அந்த 0.57 இறங்குமா?

கரிக்கோல்

இறங்கும். ஆனால் பிக்சலுக்கு 8 படிதான் என்ற வரம்பு அப்படியே இருந்தால் 0.34 கொஞ்சம் ஏறும், ஒரே பூச்சு இரண்டு பக்கமும் இழுக்க வேண்டுமே. வரம்பை 12ஆக்கினால் பட்டறையின் தேமல் வரும். ஒருவருடைய படத்தில் செய்து நான்கு எண்களையும் இங்கே போடுங்கள், மூன்றாவதாக இன்னொரு வலையமைப்பில் அளந்தும் போடுங்கள். அந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

தும்பி

இரவு ஓட விட்டிருக்கிறேன். என் படத்திலேயே செய்கிறேன், தேமல் வந்தால் எனக்கு வரட்டும்.